குழந்தைக்குத் திட்டமிடும்போதும் பாலூட்டும்போதும் பதகளிப்புக் குளிசையை என்ன செய்வது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். பதகளிப்புக்குக் குளிசை எடுக்கும் இளம் பெண்கள் கவுண்டருக்கு வந்து மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். "மாதம் தள்ளிட்டு அக்கா. நேற்றிலிருந்து குளிசையை விட்டுட்டன். அது சரிதானே?" சில வேளை, "பிள்ளை பிறந்து பத்து நாள், பால் குடுக்கிறன், அதால விட்டுட்டன்" என்பார்கள். கேள்வி என்னிடம் வரும்போது குளிசை ஏற்கெனவே நின்றிருக்கும். அந்தக் கேள்வி குளிசையை விடுவதற்கு முன்னரே வைத்தியரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா மருந்துகளையும் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. நம் பக்கத்துக் கிளினிக் கொப்பிகளில் அடிக்கடி ஒன்றாகக் காணப்படும் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். காலையில் செர்ட்ரலின், இரவில் குளோனசெபாம்.

கையில் இருப்பது எந்தக் குளிசை?

குளிசை அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மையான பெயர். அதையும் பக்கத்திலுள்ள மில்லிகிராம் அளவையும் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் வேறு கம்பனியின் அட்டை கிடைத்தாலும் இந்தப் பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால் அது அதே மருந்துதான். அட்டையின் நிறம் மாறிவிட்டது என்று பயந்து குடிக்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. செர்ட்ரலின் நாளாந்தம் எடுத்து, இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் மெல்ல மெல்லப் பலன் தரும் மருந்து. அது நித்திரைக் குளிசையும் அல்ல, அடிமையாக்கும் மருந்தும் அல்ல. ஆனால் உடம்பு அதற்குப் பழகிவிடும். குளோனசெபாம் ஒரு மணித்தியாலத்துக்குள் பதற்றத்தை அடக்கி நித்திரையைத் தரும். டயசெபாம், லொராசெபாம், அல்பிரசோலாம் எல்லாம் இதே குடும்பம். இவற்றைச் சில கிழமைகள் தொடர்ந்து எடுத்தாலே உடம்பு இவற்றை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். ஆகவே நிறுத்தும் முறையும் இரண்டுக்கும் வேறு வேறு.

திடீரென்று விட்டால் என்ன நடக்கும்?

செர்ட்ரலின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். அதனால் விட்ட முதல் நாள் ஒன்றும் தெரியாது. "பார், விட்டும் சுகமாத்தான் இருக்கிறன்" என்று மனம் சொல்லும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் தலைச்சுற்று, ஓங்காளம், காரணமில்லாத அழுகை, எரிச்சல், நித்திரையின்மை எல்லாம் வரும். தலையைத் திருப்பும்போது மின்சாரம் சுள்ளென்று ஓடுவதுபோல் ஒரு உணர்வும் வரலாம். கர்ப்பத்தின் தொடக்கத்திலும் ஓங்காளமும் தலைச்சுற்றும் இருப்பதால் பலர் இதை மசக்கை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் ஓடும் அந்த உணர்வு மசக்கையில் வராது. அது வந்தால் குளிசை நின்றதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

இந்த விலகல் அறிகுறிகள் வழக்கமாக ஒன்றிரண்டு கிழமையில் தணியும், சிலருக்கு இன்னும் நீளும். பழைய நோய் திரும்புவது வேறு விடயம். அது உடனே வராது. சில கிழமைகளோ மாதங்களோ கழித்து நெஞ்சுப் பதகளிப்பு, பயம், சாப்பிட ஏலாமை என்று பழைய வடிவத்திலேயே வந்து நிற்கும். குளிசையை விட்ட மூன்றாம் மாதம், வயிறு தெரியத் தொடங்கும் நேரத்தில் அது வந்தால், யாரும் அதைக் குளிசையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "பிள்ளைத்தாய்ச்சிக்கு இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

குளோனசெபாமைத் திடீரென்று விடுவது இதைவிட ஆபத்தானது. பல மாதங்கள் எடுத்த ஒருவர் ஒரே நாளில் விட்டால் கை நடுக்கம், வியர்வை, பல இரவுகள் நித்திரையின்மை ஆகியவற்றோடு வலிப்பும் வரலாம். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் தாய்க்கும் கருவிலுள்ள பிள்ளைக்கும் ஆபத்து. மருந்தைக் குடிப்பதைவிட அதைத் திடீரென்று விடுவதே கூடுதல் ஆபத்தாக முடிவது இப்படித்தான்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. முழுதாக விடப் பயந்து, வைத்தியருக்குச் சொல்லாமல் பாதியாக உடைத்துக் குடிப்பது. பிள்ளைக்குப் பாதிப்புக் குறையட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பாதி அளவு நோயைக் கட்டுப்படுத்தாது, மருந்தும் பிள்ளைக்குப் போய்க்கொண்டேயிருக்கும். மருந்து, நோய் என்று இரண்டையும் பிள்ளை தாங்க வேண்டியதாகிவிடும். கட்டுப்படாத கடும் பதகளிப்புக்கும் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிள்ளை, பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பது ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. ஆகவே மருந்தை எடுக்காமல் இருந்தால் ஒரு பாதிப்பும் இல்லை என்று கணக்குப் போட முடியாது.

முயற்சிக்கத் தொடங்குமுன்: ஒரு உதாரணம்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் 27 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடமாகச் செர்ட்ரலின் 50 மில்லிகிராம் எடுக்கிறார். கடந்த எட்டு மாதமாக இரவில் குளோனசெபாம் 0.5 மில்லிகிராம். ஆறு மாதமாக நல்ல சுகம். கலியாணமாகி மூன்று மாதம், பிள்ளை வேண்டும் என்ற ஆசை.

அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, குடும்பக் கட்டுப்பாட்டை நிறுத்துவதற்கு மூன்று நான்கு மாதம் முன்னரே தன் மனநலக் கிளினிக்கில் "பிள்ளைக்கு முயற்சிக்கப் போறம்" என்று சொல்வது. ஏன் அவ்வளவு முன்னதாக? பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கருத்தரித்து நான்கு கிழமைக்குள் மூடிவிடும். மாதம் தள்ளி, சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கிளினிக் திகதி வரும்போது அந்தக் காலம் முடிந்திருக்கும். மருந்தில் மாற்றம் வேண்டுமென்றால் அதற்கு முன்னரே செய்ய வேண்டும். ஃபோலிக் அசிட் குளிசையையும் இதே காரணத்துக்காகத்தான் முன்கூட்டித் தொடங்குகிறோம். அதற்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊர் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டால் புதுமணத் தம்பதிகளுக்கான நாளைச் சொல்வார்.

மனநலக் கிளினிக் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இருக்கிறது. வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைகளிலும் அம்பாறைப் பொது வைத்தியசாலையிலும் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே போகும் இடத்துக்கே போவது நல்லது. உங்கள் பழைய கதை அந்தக் கொப்பியில்தான் இருக்கும்.

நம் உதாரணப் பெண்ணுக்கு வைத்தியர் இரண்டு மருந்தையும் ஒன்றாகக் குறைக்கவில்லை. குளோனசெபாமைத்தான் முதலில் எடுத்தார். 0.5 மில்லிகிராமிலிருந்து அரைக் குளிசை, மூன்று கிழமை கழித்துக் கால் குளிசை, இன்னும் மூன்று கிழமை கழித்து நிறுத்தம். நடுவில் ஒரு தடவை நித்திரை குழம்பியபோது அடுத்த குறைப்பை இரண்டு கிழமை தள்ளிவைத்தார். மொத்தமாக இரண்டு மாதமானது. இது அவருடைய அளவுக்கும் அவருடைய காலத்துக்கும் போட்ட கணக்கு. ஐந்து வருடம் 2 மில்லிகிராம் எடுத்த ஒருவருக்கு இதே வேலை பல மாதம் பிடிக்கும், ஆகவே இந்தக் கணக்கை யாரும் தங்களுக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது.

செர்ட்ரலினை வைத்தியர் 50 மில்லிகிராமிலேயே வைத்தார். எந்த மருந்தும் எடுக்காத தாய்மாரிலும் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 3 பேர் ஏதோ ஒரு பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். செர்ட்ரலின் அந்த எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை.

வேறு மருந்து எடுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பரோக்செட்டின் எடுப்பவருக்கு, முதல் மூன்று மாதத்தில் இதயக் குறை பற்றிய கவலை இருப்பதால், கருத்தரிக்க முன்னரே மருந்தை மாற்றுவது பற்றி வைத்தியர் பேசுவார். அதே கொப்பியில் சோடியம் வல்புரோவேட் என்ற பெயர் இருந்தால் காத்திருக்க வேண்டாம். அது பதகளிப்பு மருந்தல்ல, வலிப்புக்கும் மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் தருவது. கருவிலுள்ள பிள்ளைக்கு இந்த வகைகளில் மிகக் கூடிய பாதிப்பைத் தருவதும் அதுதான். அதையும் தானாக விடக் கூடாது. ஆனால் அடுத்த மாதத்துக் கிளினிக் வரை பொறுக்காமல் அந்தக் கிழமையே போங்கள், அதுவரை குடும்பக் கட்டுப்பாட்டை விடாதீர்கள்.

திட்டமில்லாமல் கரு தங்கிவிட்டால்

அன்றைய குளிசையை வழக்கம்போலக் குடியுங்கள். அடுத்த நாள் அல்லது அடுத்த வேலை நாளில் கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள், திகதி இல்லாவிட்டாலும் போங்கள். "நான் கர்ப்பமா இருக்கிறன், இந்த மருந்து எடுக்கிறன்" என்று பதிவு செய்யும் இடத்திலேயே சொன்னால் போதும். போக ஏலாவிட்டால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி வைத்தியரோடு பேசச் சொல்லுங்கள்.

நன்றாக வேலை செய்யும் மருந்தை, "இதைவிடப் பாதுகாப்பானது" என்று கேள்விப்பட்ட இன்னொன்றுக்கு மாற்றும்படி சிலர் வைத்தியரை வற்புறுத்துவார்கள். மாற்றினால் பிள்ளை ஒரு மருந்துக்குப் பதிலாக இரண்டைச் சந்திக்கும், புதியது பலன் தருமா என்பதும் தெரியாது. கர்ப்பம் தங்கிய பின் மாற்றாமல் விடுவதே பல சமயம் நல்லது என்று வைத்தியர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பிரசவக் கிளினிக்கில் தரும் கர்ப்பிணிப் பதிவிலும் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். மனநலக் கொப்பியை வெட்கத்தில் மறைத்து வைத்துவிட்டுப் பிரசவக் கார்டை மட்டும் கொண்டுபோவது நம் ஊரில் நிறைய நடக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்ற அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளை பிறக்கும் நேரத்தில் பிரசவ அறையில் நிற்கும் வைத்தியருக்கு இது தெரியாமலிருந்தால் பிள்ளையைச் சரியாகக் கவனிக்க முடியாது.

ஏழாம் மாதமும் பிரசவமும்

நம் உதாரணப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் பழைய பதகளிப்பு எட்டிப் பார்த்தது. ஒரு நாளும் குளிசை தவறவில்லை. கர்ப்ப காலத்தில் உடம்பில் நீரும் இரத்தமும் கூடும், ஈரலும் சில மருந்துகளை விரைவாக உடைக்கும், அதனால் அதே 50 மில்லிகிராம் இப்போது உடம்பில் குறைவாக நிற்கலாம். வைத்தியர் அளவை 75 ஆக்கினார். "கர்ப்பத்தில கூட்டுறாங்களே" என்று மாமி பயந்தார். பிள்ளைக்குக் கூடுதலாக மருந்து கொடுப்பதாக நினைக்க வேண்டாம், தாயின் உடம்பில் முன்பு இருந்த அளவைத் திரும்பக் கொண்டுவருவதற்கே இது.

இந்த வகை மருந்தைக் கடைசி மூன்று மாதத்தில் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் 100இல் 30 பேர் வரை பிறந்த முதல் நாட்களில் கொஞ்சம் நடுக்கம், சிணுங்கல், பால் குடிப்பதில் சுணக்கம் காட்டலாம். பெரும்பாலும் லேசானது, சில நாட்களில் அல்லது இரண்டு கிழமைக்குள் தானாகப் போய்விடும். நுரையீரலின் இரத்த அழுத்தம் கூடி மூச்சுத் திணறும் ஒரு அரிய நிலையும் உண்டு. பொதுவாக 1000 பிள்ளைகளில் 2 பேருக்கு வருவது, இந்த மருந்து எடுத்தோரில் ஏறத்தாழ 3 ஆகிறது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: வைத்தியசாலையில் பிரசவம், பிள்ளையை ஓரிரு நாள் அங்கேயே வைத்துப் பார்ப்பது. "சுகமா இருக்கிறம், துண்டு வெட்டித் தாங்க" என்று அவசரப்பட வேண்டாம்.

நாற்பது நாள்: குளிசை தானாக நின்றுபோகும் காலம்

விட வேண்டும் என்று யாரும் முடிவெடுக்காமலேயே குளிசை நின்றுவிடுவது இந்தக் காலத்தில்தான். தமிழ் வீடுகளில் துடக்கு, முஸ்லிம் வீடுகளில் நாற்பது. பிள்ளை பெற்றவர் வெளியே போவதில்லை. கிளினிக் திகதி இதற்குள் வந்து போய்விடும். ஒரு மாதக் குளிசை முடிந்துவிடும். நித்திரையில்லாத இரவுகளும் சேர்ந்த அந்த நேரம், பதகளிப்பும் மனச்சோர்வும் திரும்பி வர மிகவும் ஏற்ற நேரம்.

ஆகவே எட்டாம் மாதத்திலேயே கிளினிக்கில் கேட்டு வையுங்கள்: நான் வர முடியாத மாதம் கணவரோ அம்மாவோ உம்மாவோ கொப்பியைக் கொண்டுவந்து மருந்து எடுக்கலாமா? செர்ட்ரலின் கிளினிக்கில் கைவசம் இல்லையென்றால் வெளியே வாங்க ஒரு துண்டு எழுதித் தருவீர்களா? பிரசவத்துக்குக் கட்டும் பையில் பத்து நாளுக்குரிய குளிசையை அட்டையோடு வையுங்கள். வார்டில் சேர்ந்ததும் நர்ஸிடம் சொல்லுங்கள்.

பாலும் குளிசையும்

தாய் குடிக்கும் எந்த மருந்திலும் கொஞ்சம் பாலுக்குப் போகும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. தாயின் எடைக்கும் பிள்ளையின் எடைக்கும் ஏற்றபடி கணக்கிட்டு, பிள்ளைக்குப் போவது தாயின் அளவில் 100இல் 10 பங்குக்குக் குறைவாக இருந்தால் பொதுவாகப் பாலூட்டலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். செர்ட்ரலினில் அது வழக்கமாக 2 பங்கு அளவோ அதற்கும் குறைவோ. பால் குடிக்கும் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தால் பெரும்பாலும் மிகச் சிறிதளவுதான் இருக்கும், பலரில் கண்டுபிடிக்கவே முடியாது. வயிற்றுக்குள் இருந்தபோது பிள்ளைக்குப் போனது இதைவிடக் கூடுதல். பாலூட்டும் தாய்க்குப் புதிதாக மருந்து தொடங்கும்போதும் வைத்தியர்கள் செர்ட்ரலினை முதலில் நினைப்பது இதனால்தான். குளிசை குடித்தபின் முதல் பாலைப் பீச்சி ஊற்றத் தேவையில்லை. நேரம் பார்த்துப் பால் கொடுக்கவும் தேவையில்லை.

மாமி சொல்வார், "இவ்வளவு நாளும் குடிச்சது போதும் மகள், பால் குடுக்கிற பிள்ளைக்கு இது கூடாது." அவரோடு சண்டை வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியரின் வாயால் ஒரு தடவை கேட்டபின் பல வீடுகளில் மாமிதான் குளிசை நேரத்தை நினைவூட்டுபவராக மாறியிருக்கிறார். சரக்குக் கறிக்கும் பத்தியச் சாப்பாட்டுக்கும் செர்ட்ரலினுக்கும் பிரச்சினை இல்லை, அதையும் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இரவில் குளோனசெபாமோ டயசெபாமோ தொடரும் தாய்க்குக் கதை வேறு. பிறந்த பிள்ளையின் ஈரல் இவற்றை மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். டயசெபாம் நாட்கணக்கில் பிள்ளையின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகலாம். அதற்காகப் பாலையோ குளிசையையோ நீங்களே நிறுத்த வேண்டியதில்லை. அளவைக் குறைப்பதா, குறைந்த நேரம் நிற்கும் மருந்துக்கு மாற்றுவதா என்று வைத்தியர் பார்ப்பார். வீட்டில் இரண்டு விடயம் கட்டாயம். ஒன்று, அந்தக் குளிசை குடித்த இரவில் பிள்ளையோடு ஒரே பாயில் படுக்க வேண்டாம். மருந்து மயக்கத்தில் பிள்ளை மேல் புரண்டாலும் தெரியாது. பிள்ளை பக்கத்தில் தனிப் பாயில் படுக்கட்டும், அம்மாவோ கணவரோ அதே அறையில் இருக்கட்டும். மற்றது, தடிமனுக்கு வாங்கும் நித்திரைக் குணமுள்ள குளிசையையும் பாணியையும் கேட்காமல் இதோடு சேர்க்க வேண்டாம்.

பால் கூடுவதற்கு டொம்பெரிடோன் எழுதித் தந்தால், நீங்கள் எஸ்சிட்டலோபிராம் எடுப்பவராக இருப்பின் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பலாம்.

பிள்ளையில் பார்க்க வேண்டியது எது? வழக்கமாகப் பாலுக்கு எழும்பும் பிள்ளை எழுப்பியும் எழும்பாமல் இருப்பது, முலையைப் பிடித்தவுடன் உறிஞ்சாமல் தூங்கிவிடுவது, தூக்கினால் துணிபோலத் துவண்டு இருப்பது, கிளினிக் தராசில் எடை கூடாதது. இதில் எதைக் கண்டாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், குளிசை அட்டையையும் எடுத்துப் போங்கள். மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், உதடு நீலமானால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை அல்லது நோயுள்ள பிள்ளை என்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் அப்படியே பொருந்தாது. பிள்ளை வைத்திய நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் நெஞ்சுப் படபடப்பும் உடல் மெலிவும் கை நடுக்கமும் சேர்ந்து வந்தால் குளிசை போதவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் தைரொயிட் சுரப்பி குழம்புவதும் இப்படியே தெரியும். ஒரு இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், கேளுங்கள்.

ஏற்கெனவே விட்டுவிட்டவர்களுக்கு

செர்ட்ரலினை ஒன்றிரண்டு நாள் மட்டும் தவறவிட்டிருந்தால் வழக்கமான அளவை வழக்கமான நேரத்தில் எடுங்கள். தவறியதற்காக இரண்டைச் சேர்த்துக் குடிக்க வேண்டாம். ஒரு கிழமை அல்லது அதற்கு மேல் ஆகிவிட்டால் பழைய அளவிலேயே தொடங்கலாமா என்று வைத்தியரைக் கேட்டபின் தொடங்குங்கள். குளோனசெபாமை விட்டு நடுக்கம், வியர்வை, குழப்பம் இருந்தால் கிளினிக் திகதியைப் பார்க்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வலிப்பு வந்தால் 1990.

தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தாலும், இல்லாத குரல் கேட்டாலும், பல நாள் நித்திரையே இல்லாமல் அதீத உசாராக இருந்தாலும், அந்தத் தாயைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும். வழி தெரியாமல் நிற்கும் நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அழைப்பவர் கணவராகவோ தாயாகவோ இருந்தாலும் சரி. மருந்தின் பெயரையும் அளவையும் விட்ட திகதியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.